கல்லூரி சீனியரிடம் ரெஃபரல் கேட்பது எப்படி: ஒரு செய்முறை விளக்கம்

என் கல்லூரியின் ஜூனியர்களிடமிருந்து லிங்க்ட்இன் வழியாக எனக்கு வரும் செய்திகளில் பெரும்பாலானவை ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன: "வணக்கம் சார், உங்கள் கம்பெனியில் ஏதாவது ஓப்பனிங் இருக்கிறதா?" இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், கேட்பவர் என்ன படித்தார், எந்த வேலை தெரியும், எத்தனை ஆண்டு அனுபவம் என்று நான் முதலில் விசாரிக்க வேண்டும், பிறகு நிறுவனத்தின் வேலைப் பட்டியலில் அவருக்கு ஏற்றதை நானே தேட வேண்டும். வேலை நாளின் நடுவில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. செய்தி கீழே இறங்கிப் போய்விடுகிறது. எனக்கு உதவ மனமில்லாததால் அது நடப்பதில்லை, கேட்டவர் தன் பங்கு வேலையை என்னிடம் விட்டுவிட்டதால்தான் நடக்கிறது.

இந்த விளக்கத்துக்கு ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 2022-இல் மின்னணுவியல் மற்றும் தொடர்புப் பொறியியல் முடித்த ஒரு மாணவி, கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இரண்டரை ஆண்டுகளாக டெஸ்டிங் வேலை பார்க்கிறார். பெங்களூரில் உள்ள ஒரு நிறுவனத்தில் ஆட்டோமேஷன் டெஸ்டர் பணிக்கு ஆள் எடுப்பதைப் பார்க்கிறார். அங்கே அவருடைய கல்லூரியில் படித்த ஒருவர் பணிபுரிகிறார்.

முதலில்: அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது?

ரெஃபரல் என்பது சிபாரிசுக் கடிதம் அன்று. சீனியர் தன் நிறுவனத்தின் உள் போர்ட்டலில் நுழைந்து, குறிப்பிட்ட வேலையைத் தேர்ந்தெடுத்து, உங்கள் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண் ஆகியவற்றை நிரப்பி, ரெஸ்யூமேயை ஏற்றுகிறார். பல நிறுவனங்களின் படிவங்களில் "இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?", "இவர் ஏன் பொருத்தமானவர்?" என்று இரண்டு கேள்விகளும் இருக்கும். சமர்ப்பித்தவுடன் சில நிறுவனங்களில் உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வரும். அதிலுள்ள லிங்கின் வழியாக நீங்களே விண்ணப்பத்தை முடிக்க வேண்டும். ரெஃபரல் இருந்தால் உங்கள் ரெஸ்யூமேயை ஒரு மனிதர் திறந்து பார்க்கும் வாய்ப்பு கூடும், ஆனால் நேர்காணல் உறுதி என்று அதற்குப் பொருளில்லை.

எல்லாம் கையில் இருந்தால் சீனியருக்கு இது ஐந்து நிமிட வேலை. இல்லையென்றால் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போகும் வேலை.

படி 1: விண்ணப்பிக்கும் முன் கேளுங்கள்

ஜூனியர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். வேலையைப் பார்த்ததும் அவசரமாக விண்ணப்பித்துவிட்டு, அடுத்த நாள் சீனியரிடம் "அப்ளை பண்ணிவிட்டேன், ரெஃபர் செய்ய முடியுமா?" என்று கேட்கிறார்கள். பல நிறுவனங்களின் போர்ட்டல்களில், ஏற்கெனவே விண்ணப்பித்தவரின் மின்னஞ்சலை இட்டால் "இவர் ஏற்கெனவே பதிவில் இருக்கிறார்" என்று மறுத்துவிடும். எல்லா இடத்திலும் இந்த விதி இல்லை. விண்ணப்பித்த பிறகும் ரெஃபரலைச் சேர்க்க இடம் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் வெளியில் இருக்கும் உங்களுக்கு அது தெரிய வழியில்லை என்பதால், முதலில் கேட்டுவிடுவதே பாதுகாப்பானது. முன்பே விண்ணப்பித்திருந்தால் அதை மறைக்காமல் முதல் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

இதே காரணத்தால், ஒரே நிறுவனத்தில் ஒரே வேலைக்கு இரண்டு பேரிடம் ஒரே சமயத்தில் கேட்கக் கூடாது. பொதுவாக முதலில் பதிவிட்டவரின் ரெஃபரல்தான் நிற்கும். இரண்டாமவர் படிவத்தை எல்லாம் நிரப்பிய பிறகு பிழைச் செய்தியைப் பார்ப்பார். அவரிடம் நீங்கள் மறுபடியும் உதவி கேட்பது கடினம்.

படி 2: ஆளைத் தேர்ந்தெடுத்தல்

லிங்க்ட்இனில் உங்கள் கல்லூரியின் பக்கத்தைத் திறந்தால் முன்னாள் மாணவர்களுக்கென்று தனிப் பகுதி இருக்கும். அங்கே நிறுவனத்தின் பெயரையும் ஊரையும் கொண்டு வடிகட்டலாம். பட்டியலில் பெரிய பதவியில் இருப்பவரைத் தேடிப் போக வேண்டாம் என்பது என் கருத்து. உங்களைவிட இரண்டு முதல் ஐந்து ஆண்டு மூத்தவராகவும், முடிந்தால் உங்கள் துறையிலேயே படித்தவராகவும் இருப்பவர்தான் செய்தியைப் பார்க்கவும் பதில் எழுதவும் வாய்ப்பு அதிகம். அதே லேபில் அதே ஆசிரியரிடம் அவரும் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியிருப்பார்.

படி 3: சரியான லிங்க்

வேலை வாய்ப்புத் தளத்தில் பார்த்த பக்கத்தை அப்படியே அனுப்பாமல், நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அதே வேலையைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அங்கே இல்லையென்றால், அந்த இடம் நிரம்பிவிட்டது என்பதற்கு அது பெரும்பாலும் அறிகுறி. பக்கத்தில் ஜாப் ஐடி ஒன்று இருக்கும். சீனியர் உள் போர்ட்டலில் தேடுவது இந்த எண்ணைக் கொண்டுதான், ஏனென்றால் ஒரே பதவிப் பெயரில் ஐந்தாறு வேலைகள் திறந்திருக்கக்கூடும். லிங்கையும் எண்ணையும் சேர்த்தே அனுப்புங்கள்.

லிங்கின் வால்பகுதியையும் ஒருமுறை பாருங்கள்.

```
https://careers.example.com/jobs/R-10458?utm_source=linkedin
https://example.com/careers?gh_jid=10458
```

முதல் லிங்கில் கேள்விக்குறிக்குப் பின் இருப்பது, நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்பதைக் குறிக்கும் அடையாளம் மட்டுமே, அதை வெட்டிவிடலாம். இரண்டாவதில் கேள்விக்குறிக்குப் பின்தான் வேலையின் எண்ணே இருக்கிறது. அதை வெட்டினால் லிங்க் பொதுவான பக்கத்துக்குப் போய்விடும். எது எதுவென்று குழப்பமாக இருந்தால், சுருக்கிய லிங்கை உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள். உள்நுழையச் சொல்லாமல் நேராக அந்த வேலையின் விவரம் வந்தால் அனுப்பலாம்.

படி 4: நான்கு வரிச் சுருக்கம்

இந்தச் சுருக்கம், "இவர் ஏன் பொருத்தமானவர்?" என்ற கட்டத்தில் சீனியர் அப்படியே ஒட்டுவதற்காக எழுதப்படுவது. ஆகவே "நான்" என்று எழுதாமல் படர்க்கையில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியையும் அவர் திருத்த வேண்டியிருக்கும். போர்ட்டல் ஆங்கிலத்தில் இருக்குமென்பதால் அனுப்பும் சுருக்கமும் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். இங்கே புரிதலுக்காகத் தமிழில் தருகிறேன்.

நம் மாணவி முதலில் எழுதியது இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "கடின உழைப்பாளி, விரைவாகக் கற்றுக்கொள்பவர், குழுவாகப் பணியாற்றுவதில் சிறந்தவர், சவாலான வேலையைத் தேடுகிறார்." இதை எந்த வேலைக்கும் யாரும் எழுதலாம். அவர் வேலை விளம்பரத்தை மறுபடி படிக்கிறார். அங்கே கேட்டிருப்பது மூன்று: இரண்டு முதல் நான்கு ஆண்டு அனுபவம், ஜாவாவுடன் செலினியம், பழைய டெஸ்ட் கேஸ்களை ஆட்டோமேஷனுக்கு மாற்றிய பழக்கம். இந்த மூன்றுக்கும் நேரே தன்னிடம் இருப்பதை வைத்து எழுதுகிறார்:

> எங்கள் கல்லூரியில் 2022-இல் மின்னணுவியல் மற்றும் தொடர்புப் பொறியியல் முடித்தவர். கோயம்புத்தூரில் இரண்டரை ஆண்டுகளாக டெஸ்டிங் பணியில் இருக்கிறார். கடந்த ஓராண்டாக முழுநேரமும் ஆட்டோமேஷன். ஜாவா, செலினியம் கொண்டு 240 டெஸ்ட் கேஸ்களை ஆட்டோமேஷனுக்கு மாற்றியதால், மூன்று நாள் பிடித்த ரெக்ரஷன் சோதனை இப்போது ஓர் இரவில் முடிகிறது. நோட்டீஸ் காலம் 60 நாள். பெங்களூருக்கு இடம்பெயரத் தயார்.

கடைசி வரியை அலட்சியம் செய்ய வேண்டாம். ஆள் எடுப்பவர் முதலில் கேட்பதே நோட்டீஸ் காலத்தையும் ஊரையும்தான். அது இல்லாவிட்டால் அதற்காகவே சீனியர் உங்களுக்கு இன்னொரு செய்தி எழுத வேண்டும். விளம்பரம் கேட்கும் மூன்றில் ஒன்று உங்களிடம் இல்லையென்றால், இருப்பதாகக் காட்ட முயலாமல் மற்ற இரண்டை மட்டும் எழுதுங்கள். நேர்காணலில் அது வெளிப்படும்போது சீனியரின் பெயரும் சேர்ந்தே கெடும். அதேபோல், நேரில் பழகாத சீனியர் "இவரை நன்கு அறிவேன்" என்று எழுத வேண்டும் என எதிர்பார்க்காதீர்கள்; கல்லூரி ஜூனியர், உடன் பணியாற்றியதில்லை என்று அவர் உண்மையையே பதிவிடட்டும்.

படி 5: செய்தி

லிங்க்ட்இனில் இன்னும் இணைப்பில் இல்லாதவருக்கு அனுப்பும் அழைப்புக் குறிப்பில் மிகச் சில வரிகளுக்கே இடம் உண்டு. அதில் ரெஃபரல் கேட்க வேண்டாம். எந்தக் கல்லூரி, எந்தத் துறை, எந்த ஆண்டு, எந்த வேலை குறித்துப் பேச விரும்புகிறீர்கள் என்பது போதும். அவர் ஏற்றுக்கொண்ட பின் முழுச் செய்தியை அனுப்புங்கள்.

விளிப்பு பற்றி ஒரு வார்த்தை. கல்லூரியில் பழகியிருந்தால் அண்ணா, அக்கா என்று அழைப்பது இயல்பு. பழக்கமில்லாதவரை எடுத்த எடுப்பில் அண்ணா என்பதைவிட, "வணக்கம்" என்று தொடங்கிப் பெயரோடு "அவர்களுக்கு" என்று எழுதுவது எனக்குப் பிடிக்கும். "சும்மா அண்ணா என்றே கூப்பிடு" என்று அவரே சொல்லட்டும்.

> வணக்கம். நான் நம் கல்லூரியில் 2022-இல் மின்னணுவியல் முடித்தவள். உங்கள் நிறுவனத்தில் ஆட்டோமேஷன் டெஸ்டர் பணிக்கு (ஜாப் ஐடி R-10458) ரெஃபர் செய்ய உங்களுக்கு இயலுமா என்று கேட்க எழுதுகிறேன். இன்னும் விண்ணப்பிக்கவில்லை, அங்கே வேறு யாரிடமும் கேட்கவுமில்லை. வேலையின் லிங்க், படிவத்தில் ஒட்டக்கூடிய நான்கு வரிச் சுருக்கம், என் மின்னஞ்சல், தொலைபேசி எண் ஆகியவற்றைக் கீழே தந்திருக்கிறேன். ரெஸ்யூமே இணைப்பில் உள்ளது. நாம் நேரில் பழகியதில்லை என்பதால் உங்களுக்குத் தயக்கம் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், நேரடியாக விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

கடைசி வாக்கியம் பணிவுக்காக மட்டும் இல்லை. மறுக்க வழி இருக்கும்போதுதான் சீனியர் "இல்லை" என்றாவது உடனே பதில் எழுதுவார்; வழி இல்லாதபோது பேசாமல் இருந்துவிடுவார், நீங்கள் காத்திருந்து நாட்களை வீணாக்குவீர்கள். ரெஸ்யூமே பிடிஎஃப் வடிவில், உங்கள் பெயரையும் பதவியையும் கோப்புப் பெயராகக் கொண்டு இருக்கட்டும். என் டவுன்லோட்ஸ் கோப்புறையில் "ரெஸ்யூமே ஃபைனல் 2" என்ற பெயரில் மூன்று வெவ்வேறு நபர்களின் கோப்புகள் கிடக்கின்றன.

படி 6: அனுப்பிய பிறகு

ஒரு வாரம் பதில் இல்லையென்றால், அதே செய்தித் தொடரின் கீழ் ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் மூன்று நான்கு நாள் பதில் இல்லையென்றால் வேறொருவரிடம் கேளுங்கள், அல்லது நேரடியாக விண்ணப்பித்துவிடுங்கள். வேலை மூடப்படும் தேதி பக்கத்தில் குறிப்பிடப்பட்டிருந்தால், அதைச் செய்தியிலேயே சொல்லி, இந்தக் கால அளவைச் சுருக்கிக்கொள்ளலாம்.

சீனியர் "பதிவிட்டுவிட்டேன்" என்று எழுதிய நாளிலிருந்து ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். நிறுவனத்தின் தானியங்கி மின்னஞ்சல் அடிக்கடி அங்கே போய்ச் சேர்கிறது. அதில் விண்ணப்ப லிங்க் இருந்தால் அதன் வழியாகவே, சீனியரிடம் கொடுத்த அதே மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு முடியுங்கள். வேறு முகவரியில் விண்ணப்பித்தால் நிறுவனத்தின் பதிவில் நீங்கள் இரண்டு ஆட்களாகத் தெரியக்கூடும், ரெஃபரல் ஒன்றிலும் விண்ணப்பம் மற்றொன்றிலும் தங்கிவிடும். இரண்டு நாளாகியும் எந்த மின்னஞ்சலும் வரவில்லையென்றால், முகவரியில் எழுத்துப்பிழை நேர்ந்திருக்குமா என்று சீனியரிடம் ஒருமுறை கேட்பதில் தவறில்லை.

நேர்காணல் அழைப்பு வந்தாலும், நிராகரிப்பு வந்தாலும் அவருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். பல நிறுவனங்களில் ரெஃபர் செய்தவருக்குப் போர்ட்டலில் "பரிசீலனையில்" என்பதற்கு மேல் ஒன்றும் தெரிவதில்லை.