குப்பையை எரிக்காமல் சமாளிப்பது எப்படி: சருகுக் கூண்டு செய்முறை

குப்பையைக் கொளுத்தினால் அது அழிந்துவிடுவதில்லை. பாதி காற்றில் போகிறது, மீதி சாம்பலாகத் தரையில் தங்குகிறது. திறந்த வெளியில் எரியும் குவியலுக்கு வெப்பமும் காற்றோட்டமும் போதாது. அதனால் பொருள் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடையும், நுரையீரலின் ஆழம்வரை போகும் நுண்துகள்களையும் கக்குகிறது. ஈரமான இலையும் காய்கறித் தோலும் கலந்திருந்தால் புகைச்சல் இன்னும் கூடும். அந்தப் புகை ஆலைப் புகைபோல உயரே போவதில்லை, நாம் மூச்சு விடும் உயரத்திலேயே நிற்கிறது.

குளோரின் உள்ள பிவிசி குழாய்த் துண்டு, ஒயர் உறை போன்றவை எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சும் உருவாகலாம். இது புகையோடு நிற்பதில்லை. மண்ணிலும் புல்லிலும் படிந்து, மேயும் மாட்டின் பாலுக்கும், கிளறித் தின்னும் கோழியின் முட்டைக்கும் வந்துவிடும். மனித உடலின் கொழுப்பில் பல ஆண்டுகள் தங்கும். நம் உடலுக்குள் டையாக்சின் பெரும்பாலும் உணவு வழியாகத்தான் வருகிறது. அதனால் ‘ஆள் இல்லாத இடத்தில்தானே எரிக்கிறேன்’ என்ற சமாதானம் எடுபடாது.

சரி, மாற்று என்ன? மக்கும் குப்பையைத் தனியே பிரித்தாலே சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். நாற்றமும் ஈயும் அதிலிருந்துதான் வருகின்றன. நாற்றம் தாங்காமல்தான் பலர் தீக்குச்சியைத் தேடுகிறார்கள். பிரித்த அந்தக் குப்பையைச் சருகோடு அடுக்கி உரமாக்கும் கூண்டின் செய்முறை இதோ.

1. கூண்டு. 1 மீட்டர் உயரமுள்ள கம்பிவலையில் 3.5 மீட்டர் நீளம் வாங்குங்கள். வட்டமாக வளைத்து, முனைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கட்டினால் ஏறக்குறைய 1 மீட்டர் விட்டமுள்ள கூண்டு கிடைக்கும். மூடிய பிளாஸ்டிக் தொட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன், காற்று போகாது. கூண்டை நிழலில், மண் தரையின் மேலேயே நிறுத்துங்கள்.

2. அடுக்கு. அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த சருகு. அதன்மேல் சமையலறைக் கழிவு ஒரு வாளி என்றால் சருகு இரண்டு அல்லது மூன்று வாளி. ஒவ்வொரு முறையும் கழிவு வெளியே தெரியாதபடி சருகால் மூடிவிட வேண்டும்.

3. ஈரம். என்னை நெடுநாள் அலைக்கழித்த இடம் இதுதான், இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள். குவியலின் உள்ளிருந்து ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு நீர் வந்தால் பதம் சரி. நீர் ஒழுகினால் ஈரம் அதிகம், சருகு சேர்த்துக் கிளறுங்கள். உதிர்ந்து போனால் வறட்சி, தண்ணீர் தெளியுங்கள். மேல்பகுதி நனைந்திருப்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காய்ந்த இலைகள் தட்டைப்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து தண்ணீரை ஓரமாகத் தள்ளிவிடும், நடுப்பகுதி வறண்டே கிடக்கும். இலைகளைக் கொஞ்சம் நொறுக்கிப் போட்டு, அடுக்கடுக்காக நனைப்பதுதான் வழி.

4. சூடு. ஒரு இரும்புக் கம்பியை நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவித் தொடுங்கள். நன்றாகச் சுட்டால் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. சூடே இல்லையென்றால் குவியல் சிறியது, அல்லது வறண்டது, அல்லது வெறும் சருகு மட்டுமே இருக்கிறது. அழுகல் நாற்றம் வந்தால் காற்று போதவில்லை. வாரம் ஒருமுறை புரட்டிவிடுங்கள். மண்வெட்டியைவிட, வைக்கோல் வாரும் பல் வைத்த கருவி இதற்கு எவ்வளவோ மேல். பொதுவாக இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனையோடு கருத்த உரம் கிடைக்கும்.

5. மக்காத குப்பை. பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகத்தை அலசிக் காயவைத்து, மழை படாத இடத்தில் சாக்கில் கட்டி வையுங்கள். ஒரு வீட்டுச் சாக்குக்காகப் பழைய பொருள் வாங்குபவர் வரமாட்டார். தெருவே சேர்த்து வைத்தால் வருவார். பளபளக்கும் தின்பண்ட உறைகளை வாங்க ஆள் கிடைப்பது கடினம். அவற்றைத் தனிச் சாக்கில் வைத்து, ஊராட்சி மூலம் மொத்தமாக அனுப்பவே முயல வேண்டும்.

பின்சேர்க்கை: எலி வருவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். இறைச்சி, மீன், எண்ணெய் கலந்த மிச்சங்களைக் கூண்டில் போடாதீர்கள், அடியிலும் சிறுகண் வலையை விரியுங்கள்.

இன்னொரு கேள்வி: இதற்கு முன் எரித்த சாம்பலைக் கூண்டில் சேர்க்கலாமா? சுத்தமான விறகுச் சாம்பல் என்றால் கைப்பிடி அளவு தூவலாம். பெயின்ட் அடித்த மரமோ பிளாஸ்டிக்கோ எரிந்த சாம்பல் வேண்டவே வேண்டாம், அதில் உலோக நஞ்சும் இருக்கக்கூடும். குப்பை எரித்த இடத்தில் கீரை விதைக்காதீர்கள், கோழியையும் அங்கே மேய விடாதீர்கள்.