சம்பளத்தைப் பிரித்து அலவன்ஸ் ஆக்கும் முன்

கோலாலம்பூரில் சில முதலாளிகள் அடிப்படைச் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பயணப்படியாக மாற்றித் தருவதாகச் சொல்வார்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்குப் பாருங்கள்.

4,500 ரிங்கிட் சம்பளம், 4,000 சம்பளம் 500 பயணப்படி என்று மாறுகிறது. பயணப்படிக்கு இபிஎஃப் கிடையாது. உங்கள் 11 சதவீதமான 55 ரிங்கிட் கைக்கு வரும். முதலாளி போடும் 13 சதவீதம், அதாவது 65 ரிங்கிட், அப்படியே போய்விடும். மாதம் 120 ரிங்கிட் சேமநிதியில் குறையும். அடிப்படைச் சம்பளத்தை வைத்து போனஸ் கணக்கிட்டால் அதுவும் சுருங்கும்.

வரி மிச்சமாகுமே என்பார்கள். வேலை நிமித்தமான பயணத்துக்குத்தான் ஆண்டுக்கு 6,000 ரிங்கிட் வரை வரிவிலக்கு. வீட்டிலிருந்து ஆபீஸ் போய்வருவது அதில் சேராது. நாள் முழுக்க மேசையில் இருப்பவருக்கு அந்த 500-க்கும் வரி உண்டு. சாப்பாட்டுப்படி வேறு மாதிரி: பணமாகக் கொடுத்தால் அதற்கு இபிஎஃப் பிடித்தாக வேண்டும்.

உங்கள் சம்மதம் இல்லாமல் சம்பளத்தைக் குறைத்து ஒப்பந்தத்தை மாற்ற முதலாளிக்கு உரிமை இல்லை. இப்படி மாற்றித் தரும்படி நீங்களும் கேட்கலாம், ஆனால் வற்புறுத்த முடியாது. சரி என்று தோன்றினால், முதலாளியின் இபிஎஃப் பங்கைப் பழைய சம்பளத்துக்கே போடச் சொல்லி, அதைக் கடிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.