தினசரி சமையலுக்கு அயோடின் உப்பு போதும்

குழம்புக்கும் ரசத்துக்கும் அயோடின் உப்பு போடுங்கள். மரக்காணம் உப்பளத்துக் கல் உப்பை ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இந்துப்புக்குக் கூடுதல் காசு வேண்டாம்.

மூன்றிலுமே பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு என்று வைத்தால், இந்துப்பிலிருந்து கிடைக்கும் பொட்டாசியம் சுமார் 15 மில்லிகிராம்; ஒரு வாழைப்பழத்திலோ 400 இருக்கும். ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று இந்துப்பை அள்ளிப் போடுவது வீண்தான், சோடியம் அதிலும் அதே அளவு.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் பலரும் "கடல் உப்புதானே, அயோடின் தானாகவே இருக்கும்" என்பார்கள். இருக்காது. கடல்நீரிலேயே அது மிகக் குறைவு, காய்ச்சும்போது உப்போடு தங்குவது இன்னும் சொற்பம். அயோடின் சேர்த்த உப்பில் கிராமுக்கு 15 மைக்ரோகிராமாவது இருக்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் 5 கிராமில் 75, அதாவது பெரியவர்களின் அன்றாடத் தேவையான 150-இல் பாதி. கல் உப்புதான் பிடிக்குமா? சரி, பாக்கெட்டில் 'அயோடின் சேர்த்தது' என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

தைராய்டு சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவர் சொன்னபடியே போகட்டும். சோடியம் குறைத்த உப்பு வேறு வகை, அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆகாது.