இத்தாலியனில் விளையாட்டு விதி எழுதும்போது: பெஸ்காவா, ப்ரெந்தியா?

கும்பகோணத்தில் நண்பர்கள் உருவாக்கும் குறுவை சாகுபடி போர்டு கேமின் விதிகளை இத்தாலியனுக்கு மாற்றும் வேலையில் இருக்கிறேன். இதே வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு.

தமிழில் ‘சீட்டு எடு’ என்றால் போதும். இத்தாலியனில் அப்படி விடக்கூடாது. கவிழ்த்த கட்டிலிருந்து பார்க்காமல் எடுப்பதற்கு ‘பெஸ்கா’. மேசையில் திறந்து கிடப்பதில் தேர்ந்து எடுப்பதற்கு ‘ப்ரெந்தி’ என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ‘மடை திறப்பு’ சீட்டு இரண்டு நீர்ச்சீட்டு எடுக்கச் சொல்கிறது. இரண்டுமே கட்டிலிருந்து வருபவை, ஆகவே பெஸ்கா. அங்கே ப்ரெந்தி என்று போட்டால், ஆடுபவர் திறந்த வரிசையில் வேண்டியதைப் பொறுக்கிக்கொள்வார். ஆட்டத்தின் சமநிலையே போய்விடும்.

அப்புறம், ஆடுபவரிடம் ‘நீ’ என்று நேரே சொல்லும் ஏவல் வடிவத்தையே சீட்டிலும் விதிப்புத்தகத்திலும் வையுங்கள். பெஸ்கா ஏவலுக்கும் ‘அவர் எடுக்கிறார்’ என்பதற்கும் ஒரே வடிவம்தான், அதனால் கலப்பு கண்ணில் படாது. ப்ரெந்தி அப்படியல்ல, படர்க்கையில் ‘ப்ரெந்தே’ ஆகிவிடும். கோப்பில் prende என்று தேடுங்கள், நழுவிய இடங்கள் அகப்படும்.

முறை வரிசைக்கு: ஒருவர் ஆடுவது ‘தூர்னோ’, எல்லோரும் ஆடி முடிப்பது ‘ரவுண்ட்’. இரண்டுக்கும் தூர்னோ என்று எழுதினால், ‘தூர்னோ முடியும்வரை’ பலன் தரும் சீட்டு எப்போது தீரும் என்று யாருக்கும் தெரியாது.