படத்தில் தெரியாத பாதிப் பூட்டு

வீட்டுக் கதவின் பூட்டை ஒரு படம் எடுத்து, "இதே போல் வேண்டும்" என்று சாவிக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. படம் பூட்டின் வகையைச் சொல்லும், அளவைச் சொல்லாது. வாங்கியது பொருந்தாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

வகையை முதலில் பார்த்துவிடலாம். சாவித் துளை இருக்கும் முகம், மேலே வட்டமாகவும் கீழே ஒடுங்கி நீண்டும் பேரிக்காய் வடிவில் இருந்தால் அது யூரோ சிலிண்டர். முகம் முழு வட்டமாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். பின்புறம் தட்டையான கம்பி நீண்டிருக்கும் வகையும், உடம்பைச் சுற்றி மரை வெட்டி, திருகி ஏற்றும் வகையும் முன்னாலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. அதனால் வட்ட முகமென்றால் கழற்றிய பிறகு பக்கவாட்டில் ஒரு படம் அவசியம்.

யூரோ சிலிண்டரில் நடக்கும் பெரிய தவறு, மொத்த நீளத்தை மட்டும் அளப்பது. தோ பாயோவில் ஒரு வீவக வீட்டை எடுத்துக்கொள்வோம். பழைய சிலிண்டரின் மொத்த நீளம் 70 மில்லிமீட்டர். கடையில் 70 என்று கேட்டால் கையில் கிடைப்பது பெரும்பாலும் இருபுறமும் 35 உள்ள சிலிண்டர். ஆனால் அந்தப் பழைய சிலிண்டரின் அடியில் இருக்கும் திருகுத் துளையின் நடுவிலிருந்து அளந்தால் வெளிப்பக்கம் 40, உள்பக்கம் 30. புதியதைப் போட்டதும் வெளியில் 5 மில்லிமீட்டர் உள்ளே அமிழ்ந்துவிடுகிறது. சாவியின் தலை கதவுத் தகட்டில் இடித்து நிற்கிறது, சாவி முழு ஆழம் போவதில்லை, திரும்புவதும் இல்லை. குறை சாவியில் என்று நினைத்து அதை அரத்தால் தேய்ப்பவர்களும் உண்டு. உள்பக்கமோ 5 மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கும். இதே துருத்தல் வெளிப்பக்கம் அமைந்தால் இன்னும் மோசம்: இடுக்கியால் பிடித்து முறிக்க வசதியாக இருக்கும். தகட்டிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வெளியே நீட்டவிடக் கூடாது.

ஆகவே கடையில் ஒற்றை எண்ணைச் சொல்லாமல், "வெளிப்பக்கம் 40, உள்பக்கம் 30" என்று சொல்லுங்கள். எந்த எண் முதலில் வருகிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம். இரு பக்கமும் சாவி போடும் சாதாரண சிலிண்டரென்றால், தலைமாற்றிப் போட்டுச் சமாளிக்கலாம். உள்பக்கம் திருகு குமிழ் உள்ளதில் அந்த வசதி கிடையாது. குமிழ் தெருப்பக்கம் வந்துவிடும்!

அளக்க வேண்டுமானால் கழற்ற வேண்டும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கதவின் விளிம்பிலுள்ள நீளமான திருகை எடுங்கள். பிறகு பலர் சிலிண்டரை வெறுமனே இழுத்துப் பார்த்து, சிக்கிக்கொண்டது என்று சுத்தியலைத் தேடுகிறார்கள். சிக்கியது ஒன்றுமில்லை, சாவியோடு சுழலும் சிறு இறக்கை பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது. சாவியைப் போட்டு இலேசாக, ஏறத்தாழ 10 முதல் 30 பாகை வரை திருப்பிக்கொண்டே இழுத்தால் இறக்கை உடம்போடு ஒட்டிக்கொள்ளும், சிலிண்டர் வழுக்கி வந்துவிடும். புதியதை மாட்டிய பிறகும் திறந்த கதவிலேயே இருபுறமும் பூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும்.

அளவுகோல் இல்லாமல் படம் அனுப்ப நேர்ந்தால் ஈசி-லிங்க் அட்டையை அருகில் வையுங்கள். அதன் நீளம் 85.6 மில்லிமீட்டர். அட்டையும் சிலிண்டரும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். சற்றுத் தள்ளி நின்று நேராக எடுங்கள். மிக அருகில் எடுத்த படத்தில் கேமராவுக்குப் பக்கத்திலுள்ளது பெரிதாகத் தெரிந்து கணக்கைக் கெடுத்துவிடும். இப்படி எடுத்த படமும் தோராயத்துக்குத்தான். இந்தச் சிலிண்டர்கள் வழக்கமாக 5 மில்லிமீட்டர் படியாக வருவதால், 3 மில்லிமீட்டர் பிசகினாலே அடுத்த அளவுக்குத் தாவிவிடலாம்.

தொங்கு பூட்டில் குழப்பம் குறைவு. 40, 50 என்ற எண்கள் பெரும்பாலும் உடம்பின் அகலம். கிரில் கதவின் வளையத்துக்குள் நுழைய வேண்டியது வளைகம்பி. அதன் தடிமனையும் உள்ளே இருக்கும் உயரத்தையும் தனியாக அளந்துகொள்ளுங்கள்.

கடைசியாகச் சாவிப் படம். சாவியின் தலையில் உள்ள பெயர் பூட்டுக்குரியதாக இருக்க வேண்டியதில்லை. நகல் சாவியென்றால் அது வெற்றுச் சாவி செய்தவரின் பெயராகவே இருக்கும். கடைக்காரருக்கு உதவுவது, சாவியின் நுனியை நேர் எதிரே பிடித்து எடுத்த படம். பக்கப் பள்ளங்களின் வெட்டு வடிவம் அதில்தான் தெரியும். பற்கள் தெரியும் பக்கத்தின் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள், குடும்பக் குழுவிலும் போடாதீர்கள். பற்களின் ஆழத்தைப் படத்திலிருந்தே கணக்கிட்டுச் சாவி வெட்ட முடியும் என்பதைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2008இலேயே செய்து காட்டிவிட்டார்கள். நகல் வேண்டுமென்றால் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.