வாடகை வீட்டுப் படத்திலிருந்து ஸ்விட்ச் போர்டையும் சீலிங் விரிசலையும் நீக்குவது எப்படி

என் அக்கா வீட்டிலேயே திரைச்சீலை தைத்து விற்கிறார். தனியாக ஸ்டுடியோ கிடையாது. குடியிருக்கும் வாடகை வீட்டின் ஹாலில் மாட்டித்தான் படம் எடுக்கிறோம். துணி அழகாக விழும், ஜன்னல் வெளிச்சமும் நன்றாக இருக்கும். ஆனால் பக்கத்துச் சுவரில் பெரிய ஸ்விட்ச் போர்டு, தரையோரம் ஒரு பிளக் பாயின்ட், மேலே சீலிங்கில் குறுக்கே ஓடும் விரிசல். படத்தைப் பார்ப்பவரின் கண் முதலில் அங்கேதான் போகிறது. இந்த மூன்றையும் எப்படி எடுத்தோம் என்பதை அந்த ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். மென்பொருள் ஜிம்ப் 2.10. இலவசம், சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும்.

தொடங்குவதற்கு முன் ஒன்று. வீட்டை வாடகைக்கு விடும் விளம்பரப் படத்தில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். வரப்போகிறவருக்கு ஸ்விட்ச் போர்டும் பிளக் பாயின்டும் எங்கே இருக்கின்றன என்பது தெரிய வேண்டும். சீலிங் விரிசல் மேலிருந்து தண்ணீர் கசிவதன் அடையாளமாகவும் இருக்கலாம், அதை மறைப்பது ஏமாற்று. இங்கே விற்பனைக்கு உள்ளது துணி, அதனால்தான் சுவரைச் சுத்தம் செய்கிறோம்.

படம் எடுக்கும்போதே

சார்ஜரையும் தொங்கும் வயரையும் கழற்றிவிடுங்கள். போர்டைச் சுற்றியுள்ள கை அழுக்கை ஈரத்துணியால் துடையுங்கள். கணினியில் அதை எடுக்கக் கால் மணி நேரம் ஆகும், துணியால் ஒரு நிமிடம். ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள். இரண்டும் கலந்தால் சுவரின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் விழும், ஒட்டுப் போட்ட இடம் தெரிந்துவிடும்.

சுவர் ஒரே நிறம் இல்லை

புதிதாகச் செய்பவர்கள் தவறுவது இங்கேதான். வெள்ளைச் சுவர்தானே என்று பக்கத்தில் ஒரு துண்டை எடுத்து போர்டின் மேல் வைப்பார்கள். போர்டு மறையும், அதே அளவில் வெளிறிய ஒரு கட்டம் மிஞ்சும்.

எங்கள் படத்தில் ஜன்னல் இடப்பக்கம். Color Picker கருவியை எடுத்து (விசை O) சுவரில் சொடுக்கிப் பார்த்தேன். வெளிச்சத்தின் அளவு போர்டுக்கு இடப்பக்கம் 212, வலப்பக்கம் 196. கண்ணுக்கு இரண்டும் வெள்ளைதான். நேர் மேலே 205, போர்டின் மேல் விளிம்பை ஒட்டி 204. அதாவது வெளிச்சம் இடமிருந்து வலமாகக் குறைகிறது, மேலும் கீழும் அவ்வளவாக மாறவில்லை. அப்படியானால் துண்டை நேர் மேலிருந்தோ நேர் கீழிருந்தோதான் எடுக்க வேண்டும். வெளிச்சம் மேலிருந்து வரும் படமென்றால் இதற்கு மாறாகப் பக்கவாட்டில் எடுக்க வேண்டும்.

ஸ்விட்ச் போர்டு

முதலில் Layer > Duplicate Layer. மூலப்படம் அடியில் அப்படியே இருக்கட்டும்.

போர்டு 300 பிக்சல் அகலம், 200 உயரம். அதன் கீழ் விளிம்பில் 20 பிக்சலுக்கு நிழல் விழுந்திருந்தது. போர்டை எடுத்துவிட்டு நிழலை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும், எனவே நிழலையும் சேர்த்தே அளந்துகொள்ளுங்கள். Rectangle Select கருவியில் (விசை R) Feather edges-ஐ 40 என்று வைத்து, போர்டுக்கு நேர் மேலே கறையில்லாத இடத்தில் 420-க்கு 340 அளவில் தேர்ந்தெடுத்தேன். சுற்றிலும் 60 பிக்சல் கூடுதலாக விடுவதற்குக் காரணம், ஓரம் மெல்ல மங்கிக் கரையும் பகுதி போர்டின் மேல் விழாமல் சுவரின் மேல் விழ வேண்டும் என்பதே. மேலே எடுக்கும்போதும் தேர்வின் அடி விளிம்பு போர்டிலிருந்து 60 பிக்சலாவது தள்ளியிருக்கட்டும்.

அப்புறம் Ctrl+C, பின் Edit > Paste in Place, பின் Layer > To New Layer. Move கருவியை எடுத்து (விசை M) கீழ் அம்புக்குறியால் மட்டும் நகர்த்துங்கள், Shift சேர்த்தால் வேகமாக இறங்கும். மவுஸால் இழுத்தால் பக்கவாட்டில் விலகி, மறுபடியும் அந்த வெளிறிய கட்டம் வந்துவிடும். துண்டு கொஞ்சம் வெளிச்சமாகத் தெரிந்தால் Colors > Brightness-Contrast-இல் 2 அல்லது 3 குறைத்தால் போதும். சரியாக உட்கார்ந்ததும் Layer > Merge Down. கடைசியாக Select > None கொடுங்கள். தேர்வு மீதி இருந்தால் அடுத்த கருவி அதற்கு வெளியே வேலை செய்யாது, ஏன் என்று புரியாமல் திணறுவீர்கள்.

பிளக் பாயின்ட்

இது தரையோர டைல்ஸ் பட்டையைத் தொட்டபடி இருந்தது. இங்கே Heal கருவி கூடாது. அது எடுத்த துண்டைச் சுற்றியுள்ள நிறத்தோடு கலக்கும். பக்கத்தில் கருப்புக் கோடு இருந்தால் கருமையையும் இழுத்துச் சுவரில் அழுக்குப்போல் பூசிவிடும். Clone கருவி (விசை C) எடுத்ததை அப்படியே வைக்கும்.

பட்டையின் மேல் விளிம்பில், பிளக் பாயின்டுக்கு வெளியே, அதன் அகலத்துக்கு மேல் தள்ளி, Ctrl அழுத்திச் சொடுக்குங்கள். பின் அதே விளிம்பு பிளக்குக்குள் மறையும் இடத்தில் ஒரு சொடுக்கு, Shift அழுத்தியபடி அது மறுபடி வெளிவரும் இடத்தில் இன்னொன்று. கோடு நேராக ஓடும். கோட்டை முதலில் சேர்த்துவிட்டால் மேலே உள்ள சுவர் எளிது. பளபளக்கும் தரை டைல்ஸில் பிளக்கின் பிரதிபலிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் படத்தில் இருந்தது, முதல் தடவை கவனிக்கவே இல்லை.

சீலிங் விரிசல்

மெல்லிய விரிசலுக்கு Heal (விசை H) மிகப் பொருத்தம். வெற்று லேயரில் அது சரிவராது, நாம் நகலெடுத்த லேயரிலேயே செய்யுங்கள். விரிசலின் அகலம் 8 பிக்சல், பிரஷ் 24. பூச்சு லேசாகத் தூக்கியிருப்பதால் விரிசலின் ஒரு ஓரம் கருமையாகவும் மறு ஓரம் வெளிச்சமாகவும் இருக்கும், இரண்டையும் பிரஷ் மூட வேண்டும்.

கருவியின் அமைப்பில் Alignment-ஐ Aligned என்று மாற்றுங்கள். விரிசலிலிருந்து 40 பிக்சல் தள்ளி Ctrl சொடுக்கி எடுத்துவிட்டு, விரிசலின் மேல் ஒரு விரற்கடை நீளத்துக்குச் சிறு சிறு இழுப்புகளாகப் போங்கள். எடுக்கும் புள்ளி கூடவே இணையாக வரும். நான்கைந்து இழுப்புக்கு ஒரு தடவை அதை மறுபக்கத்துக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் ஒரே புள்ளிக்கறை வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும். ஃபேன் இறக்கையின் அருகிலும், சீலிங் சுவரோடு சேரும் மூலையிலும் Heal-ஐ நிறுத்திவிட்டு, அந்தக் கடைசித் துண்டை மட்டும் Clone-ஆல் முடியுங்கள்.

தெரிகிறதா என்று பார்ப்பது

Colors > Curves திறந்து, கோட்டின் மேல் பகுதியைச் செங்குத்தாக இழுங்கள். சுவரின் சிறு நிற வேறுபாடும் பெரிதாகித் தெரியும். போர்டு இருந்த இடத்தில் கட்டமோ வட்டமோ தென்பட்டால் இன்னும் வேலை இருக்கிறது. பார்த்ததும் Cancel கொடுத்துவிடுங்கள். எங்கள் படத்தில் போர்டு இருந்த இடத்தின் வலது ஓரம் மட்டும் லேசாகத் தெரிந்தது. Heal-ஐ 100 பிக்சல் பிரஷில் வைத்து, அதற்கு நேர் மேலிருந்து எடுத்து இரண்டு முறை தடவியதும் கலந்துவிட்டது.

லேயர்களோடு .xcf கோப்பாக ஒன்று சேமித்துவிட்டு, File > Export As கொடுத்து .jpg ஆக எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த திரைச்சீலையை அதே இடத்தில், ட்ரைபாடை நகர்த்தாமல், அதே நேரத்து வெளிச்சத்தில் எடுத்தால் சுத்தம் செய்த இந்தச் சுவரை அதன் மேல் லேயராக வைத்துப் பார்க்கலாம். பெரும்பாலும் Brightness-இல் சின்னத் திருத்தம் மட்டும்தான் தேவைப்படும்.