தண்ணீர் மீட்டர் படத்தைப் பார்த்துக் கணக்கெழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குடியிருப்பில் வாட்ஸ்அப்பில் வரும் மீட்டர் படங்களைப் பார்த்துத் தண்ணீர்க் கணக்கு எழுதும் வேலை இப்போது இரண்டு இளைஞர்களிடம் போயிருக்கிறது. முதல் மாதமே நான் செய்த அதே தவறைச் செய்துவிட்டார்கள்.

முந்தைய ரீடிங் இல்லையென்றால் பூஜ்யம் என்று எடுப்பது

யாரும் வேண்டுமென்று பூஜ்யம் போடுவதில்லை. கட்டத்தைக் காலியாக விடுகிறோம். எக்செல் அதைப் பூஜ்யமாக எடுத்துக் கழித்துவிடுகிறது. எனக்கு அப்படித்தான் நடந்தது. ரிஜிஸ்டர் மழையில் நனைந்து ஒரு வீட்டின் பழைய ரீடிங் அழிந்துபோயிருந்தது. மீட்டரில் 437. பில்லும் 437 கிலோலிட்டர் என்றே போனது. அந்த வீட்டுக்காரர் படியிறங்கி வந்து, "சார், நாங்க மூணு பேரு. உள்ள நீச்சல் குளமா வெச்சிருக்கோம்?" என்றார். கணக்குப் போட்டால் நாளைக்குப் பதினாலாயிரம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் லாரி தினமும் வந்தாலும் போதாது. 437 என்பது மீட்டர் பொருத்திய நாள் முதல் ஓடிய மொத்தம். இன்றும் நினைத்தால் எரிச்சல்தான். B7 பழைய ரீடிங், C7 புதியது என்று வைத்து, சூத்திரத்தை இப்படி மாற்றினேன்:

```
=IF(B7="","",C7-B7)
```

அப்புறம் பில்லுக்கு என்ன செய்வது? சில நாள் விட்டு இன்னொரு படம் வாங்கி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து மாதக் கணக்கை மதிப்பிட வேண்டும்.

மறைந்த இலக்கத்தை ஊகித்து நிரப்புவது

போன மாதம் வந்த ஒரு படத்தில் பத்துகள் இட இலக்கத்தின் மேல் ஃபிளாஷ் வெளிச்சம். கறுப்பு இலக்கங்கள் 04?7, ×0.1 என்று போட்ட சிவப்பு முள் 3ஐத் தாண்டியிருந்தது. பழைய ரீடிங்கும் இல்லை. பையன் "3ஆத்தான் சார் இருக்கும்" என்றான். இருக்கலாம், 8ஆகவும் இருக்கலாம். 04?7.3 என்றே எழுதச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து வந்த படத்திலும் அதே இடம் மறைவு: 04?3.1. ஆனால் இப்போது அந்த இலக்கமே தேவையில்லை. 7.3இலிருந்து ஒரு சுற்று முடிந்து 3.1க்கு வந்திருக்கிறது, 13.1இல் 7.3 போக 5.8 கிலோலிட்டர். நாளைக்கு 580 லிட்டர். தலைக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவுகோல்படி நாலு பேருக்கு 540, ஆகவே பொருந்துகிறது. முப்பது நாளுக்கு 17.4 கிலோலிட்டர் என்று எழுதி, பக்கத்தில் 'மதிப்பீடு' என்றும் குறித்தோம்.

இரண்டு படத்துக்கு நடுவில் 10 கிலோலிட்டருக்குக் குறைவாக ஓடியிருந்தால்தான் இது செல்லும். கசிவு இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் மூன்றாம் நாளே படம் கேளுங்கள்.

மறைந்தது ×0.01 முள் என்றால் கவலையே வேண்டாம், 100 லிட்டருக்குள்தான் பிசகும்.

பாதி உருண்ட இலக்கம்

6க்கும் 7க்கும் நடுவில் நின்றால் ×0.1 முள்ளைப் பாருங்கள். 9இல் இருந்தால் இன்னும் 6தான்.

படத்தை வெட்டி அனுப்புவது

வேண்டாம். மீட்டர் எண் போய்விடும்.